கொசுறு மண்

அண்ணாச்சி வந்து நின்றபோது மனை முழுக்க வெள்ளைக் கோடாகக் கிடந்தது. காலையிலேயே ஆட்களை வைத்து நான்தான் சுண்ணாம்புப் பொடி போட்டிருந்தேன். அவர் கோட்டுக்கு உள்ளே ஒரு தடவை நடந்தார், வெளியே ஒரு தடவை நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் கடைக்குக் கீழ குடோன் கேட்டனா, இல்ல குளம் கேட்டனா?"

அண்ணாச்சி தூத்துக்குடியில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறவர். பழைய கடையில் மூட்டை அடுக்க இடம் போதாமல், ஊருக்கு மேற்கே மனை வாங்கி, கீழே குடோன், மேலே கடை என்று கட்ட நினைத்தார். அந்தக் கட்டடத்துக்கு நான் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சாயர்புரம் பக்கத்து வாத்தியார்கள். வகுப்பறையில் போட வேண்டிய சத்தத்தை நான் மட்டும் கட்டட வேலை நடக்கிற இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று கொத்தனார்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழும்.

குடோன் அறுபதடி நீளம், நாற்பதடி அகலம், பத்தடி ஆழம். அண்ணாச்சி அதை மனதிலேயே பெருக்கி, இத்தனை மண் வரும் என்று முடிவுகட்டி வைத்திருந்தார். நானோ எல்லாப் பக்கமும் பதின்மூன்றடி தள்ளிக் கோடு போட்டிருந்தேன்.

"சுவருக்கு வெளிப்பக்கம் ஆள் நின்னு வேலை பாக்கணும் அண்ணாச்சி. பலகை அடைக்கணும், கம்பி கட்டணும், தண்ணி உள்ள வராம வெளிச்சுவர்ல பூச்சு அடிக்கணும். அதுக்குச் சுத்தி மூணடி. அப்புறம் மண்ணைச் செங்குத்தா வெட்டினா சரிஞ்சு ஆள் மேல விழும். பத்தடி ஆழத்துக்குப் பத்தடி சாய்ச்சு வெட்டணும். அதான் பதின்மூணு."

"எங்கப்பா கிணறு வெட்டுனாரு. நேராத்தான் வெட்டுனாரு."

"அது பாறையா இருந்திருக்கும். இது மணல் கலந்த மண்."

அவர் நம்பவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் கூடவே பழைய கடைக்குப் போனேன். திறந்திருந்த ரவை மூட்டைக்குள் உழக்கைச் செங்குத்தாக இறக்கி ரவையோடு வெளியே எடுத்தேன். சுற்றியிருந்த ரவை சரிந்து, உழக்கு இருந்த இடத்தில் வட்டில் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வருஷமாக மூட்டையில் படி முக்குகிற மனிதரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாய் அகலமாத்தான் ஆவும்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் மண்ணும் கூடத்தான் வரும்," என்றார்.

"ஒண்ணே முக்கால் மடங்குக்கு மேல வரும்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் பின்னால் எங்கள் எல்லோரையும் படுத்தி எடுத்தது. இருபது கிலோ வாங்கினால் ஒரு கை பொட்டுக்கடலை அள்ளிப் போடுவார்களே, அந்த மாதிரி தன் மனையே தனக்குக் கொசுறு தருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். "அது கொசுறு இல்ல அண்ணாச்சி, சுவர் எழும்பினதும் அந்த மண்ணு திரும்பச் சுத்துக்குழிக்குள்ள போகணும்," என்றேன். தலையை ஆட்டினார். வியாபாரிகள் தலையாட்டுவதை நம்பி நானும் விட்டுவிட்டேன்.

அந்த மண் யாருக்கு என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. வெள்ளம் வந்துபோனதிலிருந்து எங்கள் ஊரில் யார் எங்கே தோண்டினாலும் நாலு பேர் வந்து மண் கேட்கிறார்கள். ரோட்டை ஒவ்வொரு தடவையும் உயர்த்திப் போட்டுக்கொண்டே போகிறார்கள். வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அண்ணாச்சியிடம் முதலில் கேட்டது கடலோரத் திரேஸ்புரத்து அக்கா. அவரது பழைய கடை வாசலில் பல வருஷமாகக் கருவாடு விற்கிறவள். அவளுடைய சந்தில் வெள்ளம் இடுப்பளவு நின்றது. கட்டில், பீரோ, மாதா படம், விற்க வைத்திருந்த கருவாட்டுச் சிப்பம் எல்லாம் போயிற்று. அன்று முதல் அவள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டில்தான் படுக்கை.

தன் வீட்டை மட்டும் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். சந்துப் பெண்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசி, சந்தையே சேர்த்து உயர்த்துவது என்று தீர்மானித்தார்கள். சுவரைச் சுற்றிக் கல் கட்ட அவர்களுக்கு முடியும். உள்ளே நிரப்ப மண்தான் இல்லை.

"என் குழி மண்ணு பூராவும் உனக்கு," என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்துவிட்டார். பூமி பூஜை அன்று அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் மண்ணைத் தன் கையால் ஓலைக்கொட்டான் ஒன்றில் அள்ளி அவளிடம் கொடுத்தார். முதல் மண் யார் கைக்குப் போகிறதோ, அதற்குப் பிறகு வேறு ஆள் அந்த மண்ணைக் கேட்கக் கூடாது. அக்கா கொட்டானை வாங்கிச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஓரமாக நின்ற என்னிடம் வந்தாள்.

"ஏளா, இன்ஜினியரு. ஐப்பசி மழைக்கு முந்தி நான் என் வீட்டுக்குப் போயிருவனா?"

"போயிருவீங்க அக்கா."

"மழைச் சத்தம் கேட்டா உறக்கம் வர மாட்டேங்கு. எந்திச்சு உக்காந்திருதேன். தங்கச்சி வீடு மாடிதான், அங்கன தண்ணி வராதுன்னு தெரியுது. உடம்புக்குத் தெரிய மாட்டேங்கு." சொல்லிவிட்டு, தன்னைத்தானே கேலி செய்கிற மாதிரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோண்ட ஆரம்பித்ததும் டிப்பர்கள் வரிசையில் நின்றன. முதலில் எடுத்த மண் முழுவதும் திரேஸ்புரம் போயிற்று. அண்ணாச்சி தினமும் குடையோடு வந்து குழிக்கரையில் நிற்பார். கரையை ஒட்டி நிற்காதீர்கள், சரியும் என்று நான் கத்துவேன். ரெண்டடி பின்னால் போவார். கொஞ்ச நேரத்தில் மூன்றடி முன்னால் வருவார். அவர் மனக்கணக்குப்படி வரவேண்டிய மண் சந்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இயந்திரம் அள்ளிக்கொண்டே இருந்தது.

"பாத்தியாம்மா, இன்னும் வாருது! இன்னும் வாருது!"

"அதெல்லாம் குழிக்கு வேணும் அண்ணாச்சி. பத்திரமா ஒரு இடத்துல கொட்டி வைக்கணும். இங்கே கரைக்குப் பக்கத்துல குவிச்சா அந்தப் பாரத்துக்கே சரிவு இறங்கிடும்."

"என் மாப்பிள்ள லாரி நிறுத்துத இடம் பைபாஸ்ல சும்மாத்தான கெடக்கு. அங்கன கொட்டிருவோம்."

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கையின் கணவர். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர், பெரிய இடம், பெரிய மீசை. இடம் நல்ல இடம்தான். நானே போய்ப் பார்த்து, எந்த மூலையில் குவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்ச மண்ணெல்லாம் அங்கே மலையாகக் குவிந்தது.

பிறகு கோடை முழுக்க வேலை. அடியில் காங்கிரீட், சுற்றுச்சுவர், மேலே கூரை. சுவருக்கு வெளியே நாங்கள் விட்ட மூன்றடியில் ஆட்கள் நின்று பலகை அடைத்தார்கள், பிரித்தார்கள், கறுப்புப் பூச்சு அடித்தார்கள். அந்த மூன்றடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குனியக்கூட முடிந்திருக்காது. திரேஸ்புரத்திலும் வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சந்துப் பெண்கள் மண்ணுக்குத் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போகாத நாட்களில் கல் கட்டினார்கள். அக்கா தன் வீட்டில் மண் நிரப்பி, கெட்டிப்படுத்தி, தரைக்குக் காங்கிரீட் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி பிறந்ததும் எனக்கு வானத்தைப் பார்க்கிற வியாதி பிடித்துக்கொண்டது. குடோனைச் சுற்றி இன்னும் பள்ளம் திறந்தே கிடந்தது. அதை நிரப்பாமல் மழை பிடித்தால் சரிவெல்லாம் கரைந்து உள்ளே இறங்கும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. பள்ளம் நிறையத் தண்ணீர் நின்றால், நடுவில் இருக்கும் காலிக் குடோன் தோணியைப் போல எழும்பப் பார்க்கும். மேலே கடை எழும்பிப் பாரம் ஏறியிருந்தால் பயமில்லை. கடை இன்னும் எழும்பவில்லை.

"நாளைக்கு மாப்பிள்ளை இடத்துல இருந்து மண்ணை எடுக்க ஆரம்பிக்கணும்," என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவர் மேகத்தைப் பார்த்தார். "பாக்கலாம்," என்றார்.

"என்ன பாக்கலாம்?"

"பாக்கலாம்மா."

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போனேன். மலையைக் காணோம். குண்டும் குழியுமாக இருந்த லாரி இடம் முழுவதும் மட்டமாகி, உருளை ஓட்டி, கெட்டியாகி, அதன்மேல் லாரிகள் வரிசையாக நின்றன. கீழே கிடந்தது எங்கள் மண்தான். நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி வந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதினால் என் அப்பா வருத்தப்படுவார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கொட்டி முடிச்ச அன்னைக்கு மாப்பிள்ள போன் பண்ணுனாரு. 'மச்சான், இவ்வளவு மண்ணு அனுப்பி இருக்கீய'ன்னு சந்தோசமாச் சொல்லுதாரு. என்னத்தச் சொல்லச் சொல்லுத? 'இருக்கட்டும் மாப்பிள்ள, மண்ணுதான'ன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லாம, 'பிறகு எடுத்துக்கிடுவேன்'னு சொல்லியிருந்தா?"

"தங்கச்சி வீட்டு வாசல்ல போய் எறங்குன பொருளும்மா. அது சீரு. சீர எவனாவது திருப்பிக் கேப்பானா? ஊர்ல தலகாட்ட முடியுமா?"

இந்தத் தப்பை எங்கள் பக்கத்து அண்ணன்மார்களால்தான் செய்ய முடியும். தங்கை வீட்டுக்குப் பானை போனாலும் சீர், பனங்கிழங்கு போனாலும் சீர். டிப்பர் டிப்பராக மண் போனால் மட்டும் அது எப்படிச் சீராகாமல் இருக்கும்? மாப்பிள்ளை அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டு, நன்றாக உருளையும் ஓட்டிவிட்டார்.

வெளியே வாங்கலாம் என்றால், மழைக்கு முன் எல்லோருக்கும் மண் வேண்டும். அனுமதி வாங்கி, வண்டி பிடித்து, அது வந்து சேர்வதற்குள் ஐப்பசி வந்துவிடும். அண்ணாச்சி இதையெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

"சந்துல இருக்குத மண்ணு இன்னும் தரை போடாமத்தான கெடக்கு. அத எடுத்துக்கிடுவோம். மழை முடிஞ்சதும் அவளுக்கு வேற மண்ணு போட்டுக் குடுத்திருதேன். சத்தியமா."

"மழை முடிஞ்சதும் யாருக்கு மண்ணு வேணும் அண்ணாச்சி?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஏளா, இங்கன வா," என்று மட்டும் சொன்னாள். போனபோது சந்து முனையில் மண் அள்ளும் இயந்திரம் நின்றது. பின்னால் டிப்பர். பக்கத்தில் அண்ணாச்சி, குடையை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். சந்துப் பெண்கள் வாசல்களில் நின்றார்கள். திரேஸ்புரத்தில் இத்தனை பெண்கள் கூடி நின்று சத்தம் வராமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அவள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் அந்த ஓலைக்கொட்டான். பூமி பூஜை மண் அதில் அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, மண்ண எடுக்கணும்னா எடுங்க. உம்ம குழி மண்ணுதான். எனக்கும் அறிவிருக்கு, கெட்டடம் போயிரக் கூடாது," என்றாள். குரல் உயரவில்லை. "மொதல்ல இத வாங்கிக்கிடுங்க. குடுத்தது இதத்தான மொதல்ல. இதையே மொதல்ல எடுங்க."

கொட்டானை நீட்டினாள். அண்ணாச்சியின் கை பாதிவரை எழும்பியது, பிறகு இறங்கியது. அவள் நீட்டியபடியே நின்றாள். அவள் பின்னால், கதவில்லாத வாசல் வழியாக, திமிசு போட்டுச் சமப்படுத்திய மண்தரை தெரிந்தது. நான் கத்தத் தயாராகத்தான் போயிருந்தேன். அந்த மண்தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, வண்டியத் திருப்பு," என்று அண்ணாச்சி ஓட்டுநரிடம் சொன்னார். என்னைப் பார்த்தார். "வாம்மா, பைபாஸுக்குப் போவோம். பேச்ச மட்டும் நீ பேசிரு."

மாப்பிள்ளையின் லாரி இடத்திலேயே ஒரு ஓரமாக அவர்கள் வீடு. தங்கை வாசலுக்கே வந்து வரவேற்றாள். அண்ணாச்சி ஒரு டம்ளர் காப்பி குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். பேரப்பிள்ளை பரீட்சை எப்படி எழுதினான் என்று கேட்டார். டயர் விலை கேட்டார். துறைமுகத்தில் இந்த வாரம் எத்தனை கப்பல் என்று கேட்டார். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மீசையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னார். இப்படியே விட்டால் இலங்கைச் செய்தி வரைக்கும் போய்விடுவார்கள் போலிருந்தது.

"அந்த மண்ணு திரும்ப வேணும்," என்றேன்.

மாப்பிள்ளையின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சுவருக்குள் அடங்குகிற மண் மட்டும்தான் உண்மையிலேயே வெளியே போகிற மண். அது சந்துக்குக் கொடுத்தாகிவிட்டது. சாய்த்து வெட்டியதாலும் நிற்க இடம் விட்டதாலும் கூடுதலாக வந்தது குழிக்குச் சொந்தம். அது சும்மா வெளியூர் போய்விட்டுத் திரும்ப வேண்டிய மண். அது வராவிட்டால் ஒன்று குடோன் போகும், இல்லையென்றால் ஒரு சந்தே போகும். கொட்டானை நீட்டியபடி நின்ற அக்காவைப் பற்றியும் சொன்னேன்.

மாப்பிள்ளை மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"சீருன்னு வந்தத எடுத்துட்டுப் போனா, என் வீட்டு ஆளுவ என்னய என்ன நெனைப்பாவ மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வலித்திருந்தது என்பதுதான் எனக்குப் பட்டது.

அப்போது தங்கை எழுந்தாள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, யாரோ வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசுகிற தோரணையில் சொன்னாள்.

"அண்ணே, கல்யாணத்துல இருந்து நீதான் குடுத்துட்டே இருக்க. உன் கடைக்கு நான் ஒண்ணும் கொண்டு வரக் கூடாதா? பால் காய்ச்சுத அன்னைக்கு ஒரு குத்துவெளக்கு கொண்டு வருவோம்னு இருந்தேன். குத்துவெளக்கு எங்க வேணும்னாலும் கெடைக்கும். இப்பம் உனக்கு மண்ணுதான வேணும், மண்ணு கொண்டு வாரேன்."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், லாரி நின்ற இடத்தைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"குத்துவெளக்கும் கொண்டு போவோம்," என்றார். "வெறும் மண்ண மட்டும் கொண்டு போனா நம்ம வீட்டுப் பேரு என்னாவுது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சிக்கும்தான். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் டிப்பருக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பினார்கள். முன் இருக்கையில் வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை உட்கார்ந்து வந்தார். தங்கை தாம்பாளத்தில் தேங்காயும் பழமும் கொண்டு வந்தாள். ரோட்டில் போனவர்கள் மண்வண்டிக்கு எதற்கு மாலை என்று நின்று பார்த்தார்கள். அண்ணாச்சி குழிக்கரையில் கைகூப்பி நின்று வரவேற்றார். கரையை ஒட்டித்தான் நின்றார். அன்று மட்டும் நான் கத்தவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் மேகத்துக்கும் ஓட்டப்பந்தயம். மண்ணை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. சுவரைச் சுற்றிச் சமமாக, முக்காலடி முக்காலடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, அதற்கு மேல் அடுத்த அடுக்கு. ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் சுவருக்கு ஆகாது. பள்ளம் அடுக்கடுக்காக ஏறி ஏறி, சரிவு மறைந்து, நிற்க விட்ட மூன்றடி மறைந்து, கடைசியில் தரை தரையாகவே ஆயிற்று. இங்கே அவ்வளவு பெரிய குழி இருந்தது என்று சொன்னால் இனி யாரும் நம்ப மாட்டார்கள். மிஞ்சியது அண்ணாச்சி முதல்நாள் மனக்கணக்கில் போட்ட அறுபதுக்கு நாற்பது மட்டும்தான். அந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொல்லல?" என்றார். வியாபாரியை ஜெயிக்க முடியாது.

லாரி இடத்தில் சுரண்டியபோது அடியில் கிடந்த அவர்கள் மண்ணும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது. எல்லாம் நிரப்பிய பிறகும் மூலையில் ஒரு சின்னக் குவியல் மிஞ்சிக் கிடந்தது. அண்ணாச்சி அதைச் சுற்றி வந்தார்.

"இது?"

"இதுதான் அண்ணாச்சி கொசுறு."

அவர் அதைத் தானே கூட நின்று ஏற்றி, திரேஸ்புரத்துக்கு அனுப்பினார். கூடவே போனார் என்றும், சந்து முனையில் கிடந்த பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டு, அக்காவிடம் அரைக்கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினார் என்றும் ஓட்டுநர் சொன்னார். அண்ணாச்சி வீட்டில் கருவாடு ஆகாது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் தூறிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. முதலில் குடோனுக்கு ஓடினேன். படியிறங்கி, டார்ச் அடித்து, நாலு சுவரையும் கையால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அங்கிருந்தே அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவள் தரை போட்டுக் குடிவந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

ரோட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தேன். சந்து முனையில் தண்ணீர் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. உயர்த்திய சந்தில் மழை விழுந்து, விழுந்த மழை ரோட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக் கதவு, புதுக் கதவு, ஒருக்களித்திருந்தது.

"யக்கா," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவைத் தள்ளினேன்.

சுவரில் புதிய மாதா படம் மாட்டியிருந்தது. அதன் கீழே சின்னப் பலகையில் ஓலைக்கொட்டான். கட்டில் இன்னும் வாங்கவில்லை. வெறுஞ்சிமெண்டுத் தரையில், பாய்கூட விரிக்காமல், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அக்கா படுத்திருந்தாள். பக்கத்தில் கிடந்த போனில் தவறிய அழைப்பின் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. ஓட்டின்மேல் மழை அடித்த அடிக்கு வீடே அதிர்ந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல உறக்கம்.

நான் எழுப்பவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மழையில் வெளியே வந்தேன்.